சாயலுக்குள் மாறாத முகம்

(யாழ்ப்பாணத்தில் குறும்படக் கலைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம். நிறத்திருத்தம் என்னும் பெரும் பரப்பில், முகத்தின் தோல்நிறத்தை மட்டும், அதையும் ஒரேயொரு காட்சியை வைத்துப் பேச விரும்புகிறேன்.

நான் நிறத்திருத்தம் செய்த ஒரு குறும்படத்தில், பழைய வீட்டு விறாந்தையில் தாயும் மகனும் ஒரு பின்னேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதையில் அது சில நிமிடங்கள்தான். படப்பிடிப்போ காலையிலிருந்து மாலைவரை நீண்டது. மகனின் நெருக்கக் காட்சிகள் நடுப்பகலில், முற்றத்து வாழைகளுக்குப் பக்கத்தில் எடுக்கப்பட்டன. தாயின் காட்சிகள் வெயில் சாய்ந்த பிறகு எடுக்கப்பட்டன. இயக்குநர் கேட்டது நீலமும் பச்சையும் கலந்த, குளிர்ந்த ஒரு சாயல். அதை எல்லா ஷொட்டுகளிலும் ஒரே அளவில் போட்டேன். தாயின் முகம் நன்றாகவே நின்றது. மகனோ காய்ச்சலில் கிடந்து எழும்பியவர் போலத் தெரிந்தார்.

அடுத்து நான் செய்ததுதான் பிழை. சாயல் விழுந்த படத்திலிருந்தே தோலை நிறத்தால் பிரித்தெடுத்து, ஒவ்வொரு ஷொட்டிலும் தனித்தனியாகத் திருத்தினேன். ஆனால் சாயல் ஏற்கெனவே தோலையும் சுவரையும் ஒன்றோடொன்று நெருக்கிவிட்டிருந்ததால், பிரிப்பின் ஓரங்கள் துடித்தன. முகத்தோடு முற்றத்துச் செம்மண்ணும் பனையோலை வேலியும் சேர்ந்து பிடிபட்டன. நம் ஊரில் இது எப்போதும் வரும் தொல்லை, ஏனெனில் செம்மண்ணும் காய்ந்த ஓலையும் நம் தோலும் நிற வட்டத்தில் மிக அருகருகே இருக்கின்றன.

ஆகவே சாயலை முழுவதும் கழற்றிவிட்டு, முதலில் ஷொட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினேன். தாயின் ஒரு நெருக்கக் காட்சியை அளவுகோலாக வைத்து, அதன் நிலைப்படத்தைத் திரையின் பாதியில் நிறுத்தி, மற்றப் பாதியில் மகனைப் பார்த்தேன். கண் விரைவில் பழகி ஏமாந்துவிடும் என்பதால், கன்னத்தை மட்டும் சிறு வட்டத்தால் பிரித்து, நிறத்தின் திசையையும் செறிவையும் ஒரு வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் காட்டினேன். அதில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே, கடிகாரத்தின் பதினொரு மணித் திசையில், தோலுக்கென ஒரு கோடு உண்டு. கறுத்தவர், வெளுத்தவர் எவராயினும் நடுநிலை ஒளியில் அவர்களின் தோல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். தோலுக்கு நிறம் தருபவை முக்கியமாக மெலனினும் இரத்தமும்தான். ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவது வெளிச்சமும் நிறச் செறிவும். எனவே வெள்ளைத் தோலுக்கென்று சொல்லப்பட்டுவந்த வெளிச்ச அளவுக்கு நம் முகங்களைத் தூக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அப்படித் தூக்கினால் நிழலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும், நெற்றி வியர்வை வெள்ளையாகப் பொரியும்.

மகனின் கன்னம் கோட்டைவிட்டு மஞ்சள், பச்சைப் பக்கம் சரிந்திருந்தது. முழுப் படத்துக்கும் சிறிது மெஜென்டா சேர்த்தேன். உடனே வெயில் பட்ட கன்னம் ரோஸ் நிறமாகிவிட்டது. அப்போதுதான் காரணம் விளங்கியது: பச்சை முழு முகத்திலும் இல்லை, வாழையிலையில் பட்டுத் தெறித்த ஒளி விழுந்த நிழல் பக்கத்தில் மட்டுமே இருந்தது. ஆகவே திருத்தத்தை நிழலுக்கும் இடைநிறத்துக்கும் மட்டும் செலுத்தி, தலை அசைவைப் பின்தொடரும் மென்மையான ஒரு வட்டத்துக்குள் அடக்கினேன். முகத்தின் இரு பக்கங்களையும் தனித்தனியே அளந்து பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அதன் பிறகுதான் சாயல். DaVinci Resolve மென்பொருளில், பொருத்தி முடித்த நோடிலிருந்து, அதாவது அந்தத் திருத்தப் படியிலிருந்து, இரண்டு கிளைகள் பிரிய வேண்டும். ஒன்றில் சாயலைப் போட வேண்டும். மற்றதில் சாயல் தொடாத படத்திலிருந்து தோலைப் பிரித்து, அதோடு முகத்தைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டால் மண்ணும் வேலியும் வெளியே நின்றுவிடும். இரண்டையும் Layer Mixer இல் சேர்க்கும்போது தோல் கிளை கீழ் உள்ளீட்டில் இருக்க வேண்டும், ஏனெனில் அங்கே கீழே இருப்பதே மேலே படியும்.

தோலைச் சாயலிலிருந்து முழுவதுமாக விலக்கியபோது, தாயின் முகம் வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல நின்றது. நீல அந்தியில் இருக்கும் ஒருவரின் முகத்திலும் அந்த நீலம் கொஞ்சம் படிந்திருக்கத்தானே வேண்டும்? தோல் கிளையின் வலிமையைத் தீர்மானிக்கும் Key Output அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பாதிக்குச் சற்று மேலே, 0.6 அளவில், முகம் அந்த விறாந்தைக்குள் வந்து அமர்ந்தது. இந்த எண் அந்தச் சாயலுக்கு உரியது. உங்கள் சாயல் வலிமையானால் மாறும். ஆனால் ஒரு காட்சியின் எல்லா நெருக்க ஷொட்டுகளுக்கும் அதே எண் நிற்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கூட்டவோ குறைக்கவோ தோன்றினால், பிழை பெரும்பாலும் அதற்கு முந்திய, பொருத்திய நோடில் இருக்கும்.

ஒரு ஷொட் மட்டும் கடைசிவரை வசப்படவில்லை. உள்ளறையில் மலிவான எல்இடி விளக்கின் கீழ் எடுத்தது அது. சிவப்புக் குறைந்த அந்த ஒளியில் பதிவான முகத்தில், இழுத்தெடுக்கச் சிவப்பே போதவில்லை. எவ்வளவு கூட்டியும் தோல் சாம்பலிலிருந்து செம்மஞ்சளுக்குத் தாவியதே தவிர, நடுவில் நிற்கவில்லை. அங்கே தோல் கிளையை அகற்றி, நிறச் செறிவைத் தணித்து, தாயை நிழலுருவமாக விட்டுவிட இயக்குநரும் நானும் உடன்பட்டோம்.