ஆடி அமாவாசை அன்னைக்கே சூரிய கிரகணம்: தட்டுத் தண்ணியில பாக்கலாமா?

வணக்கம் மக்களே. 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. காலண்டர்ல இப்பவே ஒரு வட்டம் போட்டு வச்சிக்கோங்க. அன்னைக்கு ஆடி மாத அமாவாசை, அன்னைக்குச் சாயங்காலமே சூரிய கிரகணமும் வருது. ஸ்பெயின், எகிப்து, சவூதி பக்கம் முழு கிரகணம். நம்ம குமரி மாவட்டத்துல ஒரு பகுதி மட்டும்தான் மறையும். 5 மணியை ஒட்டி உச்சம், சூரியன் அடையறதுக்கு முன்னாடியே விட்டுடும். சூரியன் ஒரு நிமிஷம்கூட முழுசா மறையாது. அதனால வெறுங்கண்ணால பாக்கக்கூடிய நொடின்னு நம்ம ஊர்ல ஒண்ணு கிடையவே கிடையாது. இதை மனசுல வச்சிக்கிட்டு மத்ததைக் கேளுங்க.

நம்பிக்கையை எடைபோட நான் வரல. கோயிலுக்குப் போறவங்க, பள்ளிவாசலுக்குப் போறவங்க, சர்ச்சுக்குப் போறவங்க எல்லாரும் ஒரே தெருவுல இருக்கிற ஊரு இது. யார் என்ன செய்வாங்க, அதுல எந்த இடத்துல உடம்புக்கு ஆபத்து வருது, அதை மட்டும் பிரிச்சுப் பாப்போம்.

முதல்ல இந்து வீடுகள். ஆடி அமாவாசைன்னா விடியக்காலையே முக்கடல் சங்கமத்துல கூட்டம் நிக்கும். தர்ப்பணம், எள்ளுந்தண்ணி, பிறகு வீட்டுல படையல், காக்காவுக்குச் சோறு, மதியச் சாப்பாடு. விளவங்கோடு, குழித்துறை பக்கம் இதையே வாவு பலின்னு சொல்வாங்க. கிரகண முறை இதுக்கு நேர் எதிரா நிக்குது. சூரிய கிரகணத்துக்கு நாலு யாமம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்தணும்னு சாஸ்திரம். ஒரு யாமம் 3 மணி நேரம், அப்போ 12 மணி நேரம். சாயங்காலம் 4 மணி வாக்குல பிடிக்குதுன்னு வச்சா, விடியக்காலை 4 மணியிலேர்ந்தே பட்டினி. படையல் சோறு என்ன ஆகும்? அந்த வருஷம் பஞ்சாங்கக்காரங்க இதைத்தான் பேசப் போறாங்க. உங்க குடும்பத்துப் பெரியவங்க, உங்க குருக்கள் என்ன சொல்றாங்களோ அதுபடி செய்யுங்க.

ஆனா அந்த சாஸ்திரமே குழந்தை, வயசானவங்க, நோயாளி மூணு பேருக்கும் சலுகை குடுத்திருக்கு. இதை நிறைய வீட்டுல மறந்துடுறாங்க. காலையில இன்சுலின் போட்டுட்டு, இல்லன்னா சுகர் மாத்திரை முழுங்கிட்டு, சாயங்காலம் வரைக்கும் வெறும் வயித்தோட ஒரு பாட்டி உக்காந்தா சர்க்கரை சடார்னு இறங்கும். திடீர் வேர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். இதைப் பாத்தா உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடியும் சோதிங்க. மயங்கிட்டாங்கன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-க்குப் போன் போடுங்க. விரதம் இருந்தே ஆகணும்னு நிக்கிறவங்க, மருந்து அளவை முந்தின வாரமே டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கணும்.

கோயில் நடை சாத்துறதும் எல்லா இடத்துலயும் ஒண்ணு போல கிடையாது. பெரும்பாலான கோயில்ல கிரகணம் முடிஞ்சு கழுவி, சுத்தி பண்ணித்தான் திறப்பாங்க. காளஹஸ்தியில கிரகண நேரத்துலயும் நடை திறந்திருக்கும். கோட்டயம் பக்கம் திருவார்ப்பு கிருஷ்ணன் கோயில்ல சாமி பசி தாங்க மாட்டார்னு சொல்லி கிரகணத்துலயும் நைவேத்தியம் உண்டு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாறேன். நம்ம பக்கம் முற்றத்துல பித்தளைத் தாம்பாளத்துல தண்ணி ஊத்தி, மஞ்சள் கலக்கி, அதுல கிரகணம் பாக்குற பழக்கம் இருக்கு. நேரா பாத்தாத்தான் கண்ணு போகும், தண்ணியில பாத்தா ஒண்ணும் ஆகாதுன்னு பாட்டிமாரு சொல்வாங்க. இது தப்பு. 2027-ல இன்னும் பெரிய தப்பு. ஏன்னு கணக்குப் போட்டுப் பாப்போம்.

சூரியன் தலைக்கு மேல நிக்கும்போது தண்ணி மேல்பரப்பு நூத்துல ரெண்டு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். மீதி உள்ள போயிடும். 2010 ஜனவரி 15-ல நம்ம ஊர்ல வளைய கிரகணம் உச்சத்துல இருந்தது மதியம் 1.15 வாக்குல, அதனால அன்னைக்கு இந்தக் கணக்குதான். 2027-ல சூரியன் மேற்க சரிஞ்சிருக்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடிச்சா ஒரு முஷ்டி 10 டிகிரி. 5 மணிக்கு சூரியன் கடல்மட்டத்துக்கு மேல ரெண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சாய்வா விழுற வெளிச்சத்தைத் தண்ணி அதிகமா திருப்பும். அந்தக் கோணத்துல நூத்துல பத்து பங்கு உங்க கண்ணுக்கு வரும். 2010-ஐ விட அஞ்சு மடங்கு. நல்ல கிரகணக் கண்ணாடி எவ்வளவு விடும் தெரியுமா? நூத்துல 0.003 பங்கு. அந்தக் கண்ணாடிக்கும் இந்தத் தாம்பாளத்துக்கும் மூவாயிரம் மடங்கு வித்தியாசம்.

மஞ்சள் கலக்கினா என்ன, சாணி கரைச்சா என்ன, தண்ணிக்கு அடியிலேர்ந்து வர்ற வெளிச்சம்தான் குறையும். மேல்பரப்பு திருப்புற வெளிச்சம் அப்படியே இருக்கும். சொல்லப்போனா தட்டு அடி தெரியாம இருட்டா ஆனதும் சூரிய பிம்பம் இன்னும் பளிச்னு தெரியும், ஆசையா இன்னும் குனிஞ்சு பாப்போம். கேட்டியளா, இதுதான் பொறி. சாயங்கால வெயில் கண்ணைக் கூசாதுங்கிறதும் அதே பொறிதான். விழித்திரைக்கு வலிக்கிற நரம்பு கிடையாது. சுடும்போது தெரியாது. ஆகஸ்ட்ல மேகம் வேற வரும், மெல்லிசு மேகத்துக்குள்ள சூரியன் தெரியும்போதுதான் ஜனங்க அதிகமா உத்துப் பாப்பாங்க. எக்ஸ்ரே ஃபிலிம், பழைய நெகட்டிவ், சிடி, கூலிங் கிளாஸ் எதுவும் வேண்டாம். கண்ணுக்கு இருட்டாத் தெரிஞ்சாலும் அகச்சிவப்புக் கதிர் உள்ள போகும்.

சரி, கண்ணாடி வாங்குறவங்க அதுல ISO 12312-2 அப்படின்னு இருக்கான்னு பாருங்க. எழுத்து இருந்தா மட்டும் போதாது. வீட்டுக்குள்ள போட்டுப் பாத்தா டியூப் லைட்டே தெரியக்கூடாது, இல்ல ரொம்ப மங்கலாத்தான் தெரியணும். கீறல், துளை இருந்தா தூக்கிப் போடுங்க. வெல்டிங் பட்டறையில கேட்டா 14-ஆம் நம்பர் கண்ணாடி கேளுங்க, சாதாரணமா அவங்க வேலைக்கு வச்சிருக்கிற 10, 11 போதாது.

காசு செலவே இல்லாம ஒரு வழி இருக்கு, இந்தக் கிரகணத்துக்குன்னே அமைஞ்சது போல. ஒரு சின்ன முகம் பாக்குற கண்ணாடி எடுங்க. கெட்டி அட்டையில 5 மில்லிமீட்டர்ல, ஒரு பயறு அளவுக்கு ஓட்டை போட்டு கண்ணாடி முழுக்க மூடி ஒட்டுங்க. மேற்க பாத்த வாசப்படியில, ஒரு படி அரிசி டப்பா மேல சாய்ச்சு வச்சா, வெளிச்சம் திரும்பி வீட்டுக்குள்ள இருட்டுச் சுவர்ல போய் விழும். தூரத்தை 109-ஆல வகுத்தா பிம்பத்தோட அளவு. சுவர் 5 மீட்டர் தள்ளி இருந்தா நாலரை சென்டிமீட்டர் வட்டம், 10 மீட்டர்னா 9 சென்டிமீட்டர். அந்த வட்டத்தை ஒரு பக்கமா கடிச்சது போல நிலா மறைக்கும். வீட்டுல எல்லாரும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒண்ணா பாக்கலாம். ஒரு விதி மட்டும்: அந்தக் கண்ணாடிக்குள்ள யாரும் எட்டிப் பாக்கக் கூடாது, குழந்தைங்க ஓடுற வழியில வைக்கவும் கூடாது.

இது சரியா வரலன்னா பெரும்பாலும் ஓட்டை பெருசு, இல்ல சுவர் கிட்ட. சோதிக்க ஒரு வழி. ஓட்டையைச் சதுரமா வெட்டுங்க. சுவர்லயும் சதுரம் விழுந்தா நீங்க பாக்குறது ஓட்டையோட உருவம். வட்டமா விழுந்தாத்தான் அது சூரியன். முந்தின நாள் அதே 5 மணிக்கு ஒத்திகை பாத்துடுங்க. தாம்பாளத்து வெளிச்சத்தை இப்படிச் சுவர்ல விட்டா என்னன்னு கேப்பீங்க. தட்டே ஒரு பெரிய ஓட்டை, சுவர்ல வெறும் ஆடுற வெளிச்சம்தான் வரும். தட்டு வைக்கிறவங்க வைங்க, அதுல உலக்கையும் நிக்கும். அடி தட்டையா இருந்தா கிரகணம் இல்லாத நாள்லயும் நிக்கும்.

பள்ளிவாசல்ல இதுக்குத் தனித் தொழுகை உண்டு. ரெண்டு ரக்அத். ஷாஃபி முறையில ஒவ்வொரு ரக்அத்துலயும் ரெண்டு ருகூஉ, பாங்கும் இகாமத்தும் கிடையாது, பிறகு குத்பா. நபிகளோட மகன் இப்ராஹீம் இறந்த நாள்ல கிரகணம் வந்தப்போ, அந்தச் சாவுக்காகத்தான் சூரியன் மறைஞ்சதுன்னு ஜனங்க பேசினாங்க. சூரியனும் சந்திரனும் இறைவனோட அத்தாட்சிகள், யாரோட பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணம் பிடிக்காதுன்னு அவரே மறுத்துட்டார். 2027-ல ஒரு சிக்கல் இருக்கு, நேரம் அஸர்ங்கிற சாயங்காலத் தொழுகைப் பக்கம். அஸர் தொழுத பிறகும் இந்தத் தொழுகை உண்டுன்னு ஷாஃபி, அந்த நேரத்துல துஆ மட்டும்னு ஹனஃபி. உங்க ஜமாஅத்துல முன்னாடியே கேட்டுக்கோங்க. கண்ணுக்கு இதுல ஆபத்தே இல்ல, உள்ளதான் இருப்பீங்க. தொழுதுட்டு முற்றத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பாக்காம இருந்தா போதும்.

சர்ச்சுல கிரகணத்துக்குன்னு தனி வழிபாடு இல்ல. இயேசுவைச் சிலுவையில அறைஞ்சப்போ மூணு மணி நேரம் இருண்டது கிரகணமான்னு கேப்பாங்க. அது பாஸ்கா காலம், பௌர்ணமி. சூரிய கிரகணம் அமாவாசையில மட்டும்தான் வரும், முழு இருட்டும் ஏழரை நிமிஷத்தைத் தாண்டாது. பௌர்ணமியில சூரிய கிரகணம் வராதுன்னு மூணாம் நூற்றாண்டுலயே ஜூலியஸ் ஆப்பிரிக்கானஸ்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிட்டார்.

கர்ப்பிணிப் பெண்ணை உள்ள வைக்கிற பழக்கம் மட்டும் மதம் பாக்காது. வெட்டினா, நறுக்கினா குழந்தைக்கு உதடு பிளந்திடும்னு பயம். உதடு சேர்றது கர்ப்பத்தோட முதல் ரெண்டு மாசத்துக்குள்ள, அண்ணம் அதுக்குக் கொஞ்சம் பின்னாடி. அஞ்சாம் மாசத்துல இருக்கிற பொண்ணு தேங்காய் வெட்டி அதை மாத்த முடியாது. உள்ள இருக்கணும்னு அவங்களுக்குத் தோணினா இருக்கட்டும். ஆனா ஜன்னலை எல்லாம் அடைச்சுத் தண்ணிகூடக் குடுக்காம இருக்கிறது தான் கெடுதல். வேளாவேளைக்குச் சாப்பாடும் தண்ணியும் குடுங்க.

சாப்பாட்டுல தர்ப்பைப் புல் போட்டா போடுங்க, கேடில்ல. ஆனா மதியம் வடிச்ச சோத்தை ராத்திரி வரைக்கும் வெளிய வச்சு சூடாக்கிச் சாப்பிடாதீங்க. சோத்துல வளர்ற ஒரு கிருமி விடுற நஞ்சு சூட்டுல அழியாது, தர்ப்பைக்கும் அடங்காது. ஃப்ரிட்ஜ்ல வைங்க, இல்ல கிரகணம் விட்ட பிறகு புதுசா வடிங்க.

கிரகணம் விட்டதும் குளிக்கிறதுக்காகக் கடலுக்குப் போறவங்க கவனிங்க. அமாவாசை ஏற்றம் எப்பவும் பெருசு, ஆகஸ்ட் பருவமழைக் கடல் வேற, இருட்டும் வந்துடும். சொல்லாம கொள்ளாம ஏறுற கள்ளக்கடலுக்கு ஐதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் முன்கூட்டி எச்சரிக்கை விடும், அதைப் பாருங்க. தர்ப்பணத்தைக் காலையிலயே முடிச்சுட்டு, இந்தக் குளியலை வீட்டுக் கிணத்தடியிலயே வச்சிக்கோங்க.

அப்புறம் மறுநாள் காலையில ஒரு சின்னச் சோதனை. கண்ணு சுட்டது அப்பவே தெரியாது, பல மணி நேரம் கழிச்சுதான் தெரியும். மாத காலண்டரை நல்ல வெளிச்சத்துல மாட்டி, ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு 15-ஆம் தேதியை மட்டும் பாருங்க, பிறகு அடுத்த கண். பாக்குற தேதியே மங்கினாலோ, நடுவுல கறுப்புப் புள்ளி நின்னாலோ, கட்டத்தோட கோடு வளைஞ்சு தெரிஞ்சாலோ, சொட்டு மருந்து கடையில வாங்காம நேரா கண் டாக்டர்கிட்டப் போய் விழித்திரையைப் பாக்கச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லத் தெரியாது. அவங்களை நீங்கதான் ஒவ்வொரு கண்ணா மூடி, தேதி வாசிக்கச் சொல்லிப் பாக்கணும்.