பில் கேட்காத கழிவு: ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எதற்காக?

[திரையில்: ஒரு பழுப்பு உறை. உள்ளே மருந்துக்கடை பில்கள்.]

வணக்கம். 2018-க்கு முன்பே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களுக்கு இந்த உறையை மறந்திருக்காது. அப்போது வருடத்துக்கு 15,000 ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வரி இல்லை. ஆனால் பில் வேண்டும். பிப்ரவரி பிறந்ததும் அலுவலகக் கணக்குப் பிரிவிலிருந்து கடிதம் வந்துவிடும். ஏப்ரலில் வாங்கிய மருந்தின் பில்லை எடுத்துப் பார்த்தால், எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாக இருக்கும். காய்ச்சலே வராதவர்கள் தெரிந்த கடையில் சொல்லி பில் எழுதி வாங்கியதும் உண்டு.

செலவைக் காட்டி, வரி போடும் வருமானத்திலிருந்து கழிவு வாங்கும் முறை இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு செலவுக்கும் தனியாகக் கணக்கு, தனியாக ஆதாரம். இன்னொரு வழி, எல்லாருக்கும் ஒரே தொகையைக் கழித்துவிடுவது. ‘இவ்வளவு செலவாகியிருக்கும்’ என்று அரசே வைத்துக்கொள்கிறது, யாரிடமும் பில் கேட்பதில்லை. அதுதான் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்.

அமெரிக்காவில் இரண்டில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, நிலையான தொகையைவிட அதிகமாக வந்தால் மட்டும் பட்டியல் போடுவார்கள். அங்கே 1944-லேயே இது வந்துவிட்டது. உலகப் போர்ச் செலவுக்காக வரி வலையைச் சாதாரணத் தொழிலாளி வரை விரித்திருந்தார்கள். அத்தனை பேருடைய செலவுக் கணக்கையும் யார் உட்கார்ந்து சரிபார்ப்பது?

இந்தியாவிலும் இதே கேள்விதான். 2018 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி, அந்த 15,000 ரூபாய் மருத்துவச் சலுகையையும், மாதம் 1,600 வீதம் வருடத்துக்கு 19,200 ரூபாய் போக்குவரத்துப் படிக்கு இருந்த விலக்கையும் எடுத்துவிட்டு, 40,000 ரூபாய் நிலையான கழிவைக் கொண்டுவந்தார். பழையது இரண்டும் சேர்ந்து 34,200. ஆக, கூடுதலாகக் கிடைத்தது 5,800 ரூபாய்.

கேட்க நன்றாக இருக்கிறது. கையில் எவ்வளவு வந்தது? ஒரே அலுவலகத்தில், ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்.

[திரையில்: சம்பளம் 8,34,200 ரூபாய். வேறு கழிவு எதுவும் இல்லை.]

முதலாமவர் வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம். 15,000-க்கும் முழுதாக பில் கொடுத்தவர். பழைய முறையில் அவர் கட்டிய வரி 74,675 ரூபாய். புதிய கழிவில் 74,194. மிச்சம் 500 ரூபாய்கூட இல்லை. ஏனென்றால் அதே பட்ஜெட்டில் வரிமேல் போடும் செஸ் 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது.

இரண்டாமவரால் 6,300 ரூபாய்க்குத்தான் பில் கொடுக்க முடிந்தது. அவர் கட்டிவந்தது 76,467. புதிய கழிவில் அவருக்கும் அதே 74,194தான். அவருக்கு 2,273 ரூபாய் மிச்சம்.

இங்கே நின்று பார்க்க வேண்டும். உண்மையிலேயே நோயாளியை வைத்துப் பார்த்தவருக்குக் குறைந்த லாபம், செலவு குறைவாக இருந்தவருக்கு அதிக லாபம். நிலையான கழிவு எங்கே வந்தாலும் இது கூடவே வரும். எளிமைக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் 15,000 ரூபாய்க்குள் நிற்கும் ஒரு சலுகைக்காக லட்சக்கணக்கான உறைகளைப் பிரித்துப் பார்ப்பதைவிட இது மேல் என்றே நினைக்கிறேன். பொய் பில்லுக்கு இங்கே வேலையே இல்லை.

அப்புறம், ஓய்வூதியம் வாங்குபவர்கள். அவர்களுக்குப் போக்குவரத்துப் படியும் கிடையாது, அலுவலகத்தில் மருத்துவ பில் கொடுக்கவும் வழி இல்லை. முழு 40,000-மும் அவர்களுக்குப் புதிதாகக் கிடைத்தது. அந்த மாற்றத்தில் உண்மையாகவே பயன் அடைந்தவர்கள் அவர்கள்தான்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவைப் போல ‘இதுவா அதுவா’ என்று இங்கே கேட்பதில்லை. இங்கே இப்போது பழையது, புதியது என்று இரண்டு வரிமுறைகள் இருக்கின்றன. பழைய வரிமுறையில் இருந்தால் நிலையான கழிவும் உண்டு, பிஎஃப், எல்ஐசி, வீட்டு வாடகை என்று பட்டியல் போடுவதும் உண்டு. புதிய வரிமுறைக்குப் போனால் அந்தப் பட்டியலில் பெரும்பகுதி போய்விடும், நிலையான கழிவு மட்டும் கூடவே வரும். நம் ஊரில் தேர்வு என்பது வரிமுறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. பில் காட்டும் முறையில் மருந்து விலை ஏறினால், உச்சவரம்பு வரை கழிவும் ஏறும். நிலையான தொகை தானாக ஏறாது. அமெரிக்காவில் விலைவாசியைப் பார்த்து வருடாவருடம் அதை உயர்த்துகிறார்கள். இங்கே பட்ஜெட்டில் அறிவித்தால்தான் உண்டு. 2019-ல் 50,000 ஆன தொகை, புதிய வரிமுறையில் 75,000 ஆனது 2024-ல். அந்த ஐந்து வருடத்தில் மருந்துக்கடைக்காரர் விலையைப் பிடித்து வைத்திருக்கவில்லை. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 2024-க்குப் பிறகும் அதே 50,000தான்.