ஒரே போன், மூண்டு விலை: ஆரிட்ட வாங்குறது?

வணக்கம் உறவுகளே. காத்துச் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க, திருகோணமலை டச் பே கடற்கரையில இருந்துதான் கதைக்கிறன். பின்னால மான் நிக்கிறதும் தெரியும். போன முறை என்ட பார்சல் மட்டையச் சப்பினதும் இந்தக் கூட்டம்தான்.

தங்கச்சிக்கு ஒரு போன் எடுக்கோணும். நேத்து இரவு ஒன்லைன்ல தேடினா ஒரே மொடல், ஒரே நிறம், ஒரே ஸ்டோரேஜ், விலை மட்டும் மூண்டு. ஒருத்தர் 58,900 ரூபா போட்டிருக்கார். இன்னொருத்தர் 52,400. கீழ போகப் போக 46,900க்கும் ஒண்டு கிடக்கு. படம் ஒண்டு, விவரம் ஒண்டு, எழுத்துப்பிழை கூட ஒண்டு. தங்கச்சி சொல்றா, "அண்ணா, கடைசில இருக்கிறத எடுங்க, சாமான் ஒண்டுதானே" எண்டு.

சாமான் ஒண்டுதான். ஆனா அது பழுதானா ஆர் பொறுப்பு எண்டிறது மூண்டு பேரிட்டயும் மூண்டு விதம். அது எனக்கு எப்பிடித் தெரியும் எண்டா, போன வருசம் அம்மாவுக்கு எடுத்த போன்ல நல்லா வாங்கிக் கட்டினன்.

அதுவும் இதே மாதிரித்தான். ஆகக் கூடினதும் வேணாம், ஆகக் குறைஞ்சதும் வேணாம் எண்டு நடுவில நிண்டத எடுத்தன். 6,500 ரூபா மிச்சம். பக்கத்தில "1 வருட வொறண்டி" எண்டு இருந்தது, அதுக்கு மேல ஒண்டும் பாக்கேல்ல. 23ஆம் நாள் சார்ஜ் ஏறுறது நிண்டிட்டு. வயர அழுத்திப் பிடிச்சா ஏறும், விட்டா நிக்கும். திருப்பி அனுப்புற காலம் 14 நாள், அது பார்சல் கையில கிடைச்ச நாளில இருந்து எண்ணுறது. அம்மா பழைய போனில இருக்கிற நம்பரெல்லாம் மாத்தோணும் எண்டு பெட்டியப் பிரிக்காமலே ஒரு கிழமை வச்சிருந்தவ. அந்தக் கிழமையும் கணக்கில போயிட்டு.

சரி, வொறண்டி இருக்குத்தானே எண்டு அந்த பிராண்டின்ர சேவிஸ் சென்டருக்குக் கொண்டு போனன். அங்க இருந்த தம்பி, ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற IMEI நம்பர அடிச்சுப் பாத்திட்டு, "அண்ணா, இது எங்கட சிஸ்டத்தில இல்ல, இத நாங்க இறக்கேல்ல" எண்டார். போன் ஒறிஜினல்தான். ஆனா வேற நாட்டுச் சந்தைக்கு எண்டு வந்தத ஒரு வியாபாரி கொண்டுவந்து வித்திருக்கார். அப்ப அந்த 1 வருட வொறண்டி? அது கம்பெனி குடுத்ததில்ல, வித்த கடைக்காரர் குடுத்த வாக்கு. வாங்கின அந்த ஒன்லைன் பக்கத்தில திரும்பப் போய்ப் பாத்தா, சின்ன எழுத்தில Seller Warranty எண்டு கிடக்கு.

கடை கொழும்பில. எடுத்துக் கேட்டா, "அனுப்புங்க பாப்பம், கூரியர்ல உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல" எண்டு சொல்லிட்டாங்க. நம்பி அனுப்ப மனமில்ல. இரவு ரெயில்ல கொண்டு போய்க் குடுத்திட்டு வந்தன். போக்குவரத்து, சாப்பாடு, ஒரு நாள் சம்பளம், திருப்பி அனுப்பின கூரியர் காசு எல்லாம் சேத்தா 5,000க்குக் கிட்ட. போன் திரும்பி வர 38 நாள். அவ்வளவு நாளும் அம்மா பட்டன் போன்லதான், கனடாவில இருக்கிற பேரப்பிள்ளையின்ர முகம் பாக்கேலாம. 6,500 மிச்சம் பிடிச்சு, கடைசியில கையில நிண்டது 1,500.

அதால இந்த முறை விலைக்கு முதல் வொறண்டி வரியத்தான் பாத்தன். 58,900க்கு Brand Warranty. அப்பிடியெண்டா இங்க இறக்கிற ஏஜென்ட் பொறுப்பு. வித்த கடை நாளைக்கு இழுத்து மூடினாலும் சேவிஸ் சென்டர் இருக்கும். 52,400க்கு Seller Warranty. கடை இருக்கிற வரைக்கும்தான் வொறண்டி. 46,900க்கு No Warranty. பழுதாப்போனா அந்த 14 நாள்தான், அதுக்குப் பிறகு உங்கட பாடு.

ஆனா அந்த வரிய விற்கிறவரே தெரிவு செஞ்சு போடுறது. அதால மூண்டு பேருக்கும் அந்தத் தளத்தின்ர சாட்டிலயே ஒரே கேள்விய அனுப்பினன்: "பெட்டியில எந்த ஏஜென்டின்ர ஸ்டிக்கர் இருக்கு? TRCSL பதிவு இருக்கா? பில்லில IMEI எழுதித் தருவீங்களா?" TRCSL எண்டிறது போன் பதிவப் பாக்கிற தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. முதலாமவர் ஏஜென்டின்ர பேரச் சொல்லி, ஸ்டிக்கரப் படமெடுத்தும் போட்டார். இரண்டாமவர், "வட்ஸ்அப்ல வாங்க ப்ரோ" எண்டார். போகாதீங்க. வெளியில கதைச்சா, பிறகு பிரச்சினை எண்டு வரேக்க அந்தத் தளம் அதக் கணக்கில எடுக்காது. மூண்டாமவர் பாத்ததோட சரி, பதிலில்ல.

பார்சல் வந்த உடன செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கு, இதத்தான் கனபேர் விடுறாங்க. மேல் மட்டைய வெட்டேக்கயே வீடியோ எடுங்க, கூரியர் லேபிள் தெரியத் தொடங்கி, வெட்டி முடியும் வரைக்கும் நிப்பாட்டாம. ஆனா உள்ள இருக்கிற போன் பெட்டியின்ர சீல இப்ப உடைக்காதீங்க. போனுக்குள்ள *#06# அடிச்சு எடுக்கிற அதே IMEI, பெட்டிக்கு வெளியிலயே ஸ்டிக்கர்ல அச்சடிச்சிருக்கும். 15 இலக்கம். அத 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, திரையில போடுறன்:

```
IMEI 123456789012345
```

உங்கட நம்பரப் போடுங்க, நடுவில ஒரு இடைவெளி. பதிஞ்ச போனா இல்லையா எண்டு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில இருந்து பதில் வரும். ஸ்டிக்கர்ல இருக்கிற ஏஜென்டுக்கும் ஒரு கோல் எடுத்து, இந்த IMEI அவையள் இறக்கினதா எண்டு கேளுங்க. இரண்டும் தேவை, ஏனெண்டா 1909 பதிவ மட்டும்தான் சொல்லும், வொறண்டியப் பற்றி ஒண்டும் சொல்லாது.

ரெண்டில ஒண்டு பிழைச்சாலும் சீலோடயே திருப்பி அனுப்பலாம். காரணம் கேக்கிற இடத்தில "மனம் மாறிட்டு" எண்டத அமத்தாம, "விவரத்தில சொன்ன மாதிரி இல்ல" எண்டத அமத்துங்க. மனம் மாறினதெண்டா சீல் உடைச்ச போன எடுக்கமாட்டாங்க, எடுத்தாலும் கூரியர் காசு உங்கட தலையில விழலாம். மற்றதெண்டா பிழை விற்றவர்ட, உங்கட கையில சாட்டும் வீடியோவும் இருக்கு.

இன்னொண்டு. நான் அம்மாட போனுக்கு நுகர்வோர் அதிகார சபையிட்டப் போகேல்ல, 1977 எண்டு அவையளுக்கு நம்பரே இருக்கு. முறைப்பாடு எழுத்தில குடுக்கோணும், அதுவும் வாங்கி மூண்டு மாதத்துக்குள்ள. கடைக்காரர் "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" எண்டு இழுக்கேக்க அந்த மூண்டு மாதமும் சேந்துதான் ஓடும். பில்லில கடைப் பேரும் IMEIயும் கேக்கிறது இதுக்காகத்தான்.

கம்பெனி வொறண்டி எண்டு தலைக்கு மேல வைக்கவும் வேணாம். விழுந்து உடைஞ்சாலோ, தண்ணி போனாலோ அவையளும் கைய விரிப்பாங்க. கன மொடல்ல சிம் போடுற ஓட்டைக்குள்ள ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டா சிவக்கும். நம்மட ஊரில கடலுக்குள்ள போனோட இறங்குற ஆக்களுக்குச் சொல்றன்.

கவர், கண்ணாடி, வயர் எண்டா நான் இவ்வளவும் பாக்கிறதில்ல. ஆகக் குறைஞ்சதத்தான் எடுக்கிறது.

தங்கச்சிக்கு என்ன எடுத்தன் எண்டு கேப்பீங்க. காலையில ஒன்லைன் விலைய எடுத்துக்கொண்டு நம்மட டவுன் கடை ஒண்டுக்குப் போனன். அதே போன், அதே ஏஜென்டின்ர ஸ்டிக்கர், 61,000 சொன்னார். 58,900ஐக் காட்டினன். கொஞ்ச நேரம் பாத்திட்டு 59,500க்குத் தாறன் எண்டார். 600 ரூபா கூடத்தான். ஆனா முன்னுக்கு வச்சே சீல் உடைச்சு, சார்ஜ் போட்டு, சிம் போட்டு, ஒரு கோலும் எடுத்துக் காட்டினார். பழுதெண்டா ரெயில் ஏறத் தேவையில்ல, சைக்கிள்ல போகலாம்.

தங்கச்சிக்கு நிறம்தான் பிடிக்கேல்லயாம். கடையில கறுப்பு மட்டும்தான் இருந்தது.