மொத்தம் 14 கிடைத்தது, ஒரு குழுவுக்கு மட்டும் பூஜ்ஜியம்! ஏன்?

வணக்கம் நண்பர்களே! மூன்று குழுக்கள், இரண்டு கேபிள்கள். எல்லோருக்கும் சேர்த்து அதிகபட்ச வேகம் எவ்வளவு கொடுக்கலாம் என்று லீனியர் புரோகிராமிங்கில் கணக்குப் போட்டால், வினாடிக்கு 14 மெகாபிட் வருகிறது. அதில் முதல் குழுவின் பங்கு பூஜ்ஜியம். கணக்கில் தவறே இல்லை. கேட்ட கேள்விதான் தவறு.

(திரையில் வரைபடம்)

A கேபிளில் 10 மெகாபிட் போகும், B கேபிளில் 4. குழு 2-க்கு A மட்டும் போதும், குழு 3-க்கு B மட்டும் போதும். குழு 1-இன் தரவு இரண்டையும் கடந்துதான் போக வேண்டும். அதனால் குழு 1-க்கு ஒரு மெகாபிட் கொடுத்தால் மற்ற இருவரும் ஆளுக்கு ஒன்று இழக்கிறார்கள். மொத்தத்தை மட்டும் பார்க்கிற கணக்கு குழு 1-ஐக் கழற்றிவிடாமல் என்ன செய்யும்?

சரி, கேள்வியை மாற்றுவோம். மிகக் குறைவாகப் பெறுகிறவரின் பங்கை முடிந்தவரை பெரிதாக்கு. இங்கே ஒரு சிக்கல் வருகிறது. லீனியர் புரோகிராமிங்கில் எல்லாம் நேர்கோட்டில் இருக்க வேண்டும், ஆனால் ‘மூன்றில் சிறியது’ என்பது நடுவில் மடங்குகிற கோடு.

இதற்கான தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். t என்று புதிதாக ஒரு மாறியைச் சேர்க்கிறோம். அதை ஒரு தளமாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பங்குகளும் தளத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அப்புறம் தளத்தை உயர்த்திக்கொண்டே போ. யாருடைய பங்கிலாவது முட்டும்வரை அது உயரும். முட்டுகிற இடம்தான் மிகச் சிறிய பங்கு! ‘சிறியது’ என்ற சொல்லே இல்லாமல் மூன்று நேரான கட்டுப்பாடுகளில் வேலை முடிந்தது.

```python
from scipy.optimize import linprog
# x1, x2, x3, t
r = linprog(
    c=[0, 0, 0, -1],
    A_ub=[[1, 1, 0, 0], [1, 0, 1, 0],
          [-1, 0, 0, 1], [0, -1, 0, 1],
          [0, 0, -1, 1]],
    b_ub=[10, 4, 0, 0, 0])
print(r.x)
```

`linprog` எப்போதும் சிறிதாக்கத்தான் செய்யும், அதனால்தான் t-க்கு -1. கடைசி மூன்று வரிகளில் குறிகளைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் தளத்தைத் தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். t எல்லையில்லாமல் ஓடும், சால்வர் ‘unbounded’ என்று சொல்லும். அந்தச் சொல்லைப் பார்த்தால் முதலில் குறிகளைச் சரிபாருங்கள்.

விடை t = 2. B-யின் 4 மெகாபிட்டைக் குழு 1-உம் குழு 3-உம் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அப்படியானால் குழு 2-க்கு எவ்வளவு? வீடியோவை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

2 முதல் 8 வரை எதுவும் சரி! இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குறிக்கோளில் t மட்டும் இருப்பதால், குழு 2-க்கு 2 கொடுத்தாலும் 8 கொடுத்தாலும் சால்வருக்கு ஒன்றுதான். அது 2 என்று நின்றுவிட்டால் A கேபிளில் 6 மெகாபிட் சும்மா கிடக்கும், யாருக்கும் லாபமில்லாமல். இதை நியாயம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆகவே இரண்டாவது சுற்று தேவை. உண்மையிலேயே சிக்கிக்கொண்டவர்களை அவர்கள் பங்கில் பூட்டிவிட்டு, மீதிப் பேருக்கு மறுபடி தளத்தை உயர்த்த வேண்டும். ஆனால் விடையில் 2, 2, 2 என்று வந்தால் சிக்கியவர் யார் என்று எப்படித் தெரியும்? எண்களைப் பார்த்துத் தெரியாது. டூயல் மதிப்புகளைப் பார்க்க வேண்டும், அதாவது ஒவ்வொரு கட்டுப்பாடும் தளத்தை எவ்வளவு அழுத்துகிறது என்கிற எடை. குறிகளை விட்டுவிட்டுப் பார்த்தால் குழு 1-க்கு 0.5, குழு 2-க்கு 0, குழு 3-க்கு 0.5. எடை பூஜ்ஜியத்துக்கு மேல் இருப்பவர் நிச்சயம் சிக்கியவர். அந்த இருவரையும் 2-இல் பூட்டி மறுபடி ஓட்டினால் குழு 2-க்கு 8 கிடைக்கிறது. மொத்தம் 12. பூஜ்ஜியத்தில் கிடந்தவருக்கு 2 கிடைக்க, மொத்தத்தில் இழந்தது வெறும் 2!

கேபிள்களுக்கும் இதே மாதிரி எடை உண்டு. A-க்கு 0, B-க்கு 0.5. A-யை எவ்வளவு பெரிதாக்கினாலும் தளம் அசையாது. B-யில் ஒரு மெகாபிட் கூட்டினால் தளம் அரை மெகாபிட் உயரும், B-யும் 10 ஆகும்வரை. அதற்குப் பிறகு A-தான் தடை.

இப்போது உங்கள் முறை. B 4-ஆகவே இருக்கட்டும், A-யை 10-இலிருந்து 3-ஆகக் குறையுங்கள். முதல் சுற்றில் சிக்குகிற இருவர் யார், மூன்றாமவருக்குக் கடைசியில் எவ்வளவு? விடையைக் கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் நானே படித்துப் பதில் போடுகிறேன்.