பாட்டுக்கு ஏரோபிக்ஸ் அமைப்பது: எட்டுக் கணக்கு எங்கே தவறுகிறது?

கேள்வி: “நான் தங்கச்சிமடம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேரை வைத்து ஒரு சினிமாப் பாட்டுக்கு ஏரோபிக்ஸ் பழக்குகிறேன். பல்லவி வரை அழகாக வருகிறது. சரணம் தொடங்கியதும் பாதிப் பேர் இடது காலிலும் பாதிப் பேர் வலது காலிலும் நிற்கிறார்கள். எத்தனை முறை பழக்கினாலும் அதே இடத்தில்தான் கலைகிறது. என்ன செய்வது?”

வணக்கம் டீச்சர். பாட்டையும் காணொளியையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. எப்போதும் ஒரே இடத்தில் கலைகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் பிள்ளைகளின் கவனத்தில் குறை இல்லை, அமைப்பில்தான் ஏதோ இருக்கிறது. பார்த்த அளவில் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று பாட்டில் இருக்கிறது, மற்றொன்று காலில் இருக்கிறது. இரண்டும் சரணத்தின் வாசலில் வந்து சேர்வதால் ஒரே தவறு போலத் தோன்றுகிறது.

முதலில் பாட்டு. ஸ்டெப் எதுவும் போடாமல், ஒரு தாளை எடுத்துக்கொண்டு பாட்டை ஓடவிடுங்கள். எட்டு பீட் முடியும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். நான்கு எட்டு சேர்ந்தால், அதாவது 32 பீட் ஆனால், அது ஒரு கட்டு. ஏரோபிக்ஸுக்கென்றே தயாரித்து விற்கும் இசை முழுவதும் இப்படி 32, 32 ஆகவே வெட்டியிருக்கும். நம் சினிமாப் பாட்டு யாருடைய உடற்பயிற்சிக்காகவும் போட்டதில்லை. இசையமைப்பாளருக்கு இடையிசையில் நான்கு பீட் கூடுதலாக வேண்டும் என்று தோன்றினால் வைத்துவிடுவார்.

எண்ணும்போது ஓர் எச்சரிக்கை. பாடகர் வாயைத் திறக்கும் இடத்தை ‘ஒன்று’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பாட்டுகளில் எடுப்பு தாளத்துக்குச் சற்று முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். டிரம்ஸின் கனத்த அடி விழும் இடம்தான் உங்கள் ‘ஒன்று’. காணொளியில் முன்வரிசைப் பிள்ளைகள் குரலைக் கேட்டுத் தொடங்குகிறார்கள், பின்வரிசை உங்கள் கையைப் பார்த்துத் தொடங்குகிறது. அதை இன்றே ஒன்றாக்கிவிடுங்கள்.

உங்கள் பாட்டை நான் எண்ணியதில் தொடக்க இசை இரண்டு எட்டு, பல்லவி எட்டு எட்டு, அதாவது இரண்டு கட்டு. பிறகு இடையிசை. அது ஆறு எட்டும் மேலே நான்கு பீட்டும். அந்த நான்குதான் உங்களை வம்பில் மாட்டிவிட்டது. இடையிசையிலும் நீங்கள் பல்லவிக்குப் போட்ட அதே 32 பீட் ஸ்டெப் கட்டை ஓட்டுகிறீர்கள். மொத்தம் 52 பீட். ஒரு கட்டு முடிந்தபின் மிச்சம் 20. எனவே சரணம் தொடங்கும் நொடியில் பிள்ளைகள் மூன்றாவது எட்டின் நடுவில் நிற்கிறார்கள். காது கூர்மையான பிள்ளை பாட்டோடு சேர்ந்து கட்டை முதலிலிருந்து தொடங்குகிறாள், மனப்பாடமாகப் பழகியவள் மீதியை முடித்துவிட்டு வருகிறாள். இருவரும் தங்கள் அளவில் சரிதான்.

இனி கால். நீங்கள் போட்ட கட்டின் முதல் மூன்று எட்டுகளை நான் தொடவில்லை, நன்றாக இருக்கின்றன. முதல் எட்டில் நான்கு அடி முன்னால், நான்கு அடி பின்னால். வலது காலில் தொடங்கினால் எட்டாவது அடி இடது காலில் முடியும், வலது கால் விடுதலையாக நிற்கும். இரண்டாவது எட்டு கிரேப்வைன்: வலது கால் பக்கவாட்டில், இடது கால் அதன் பின்னால், மீண்டும் வலது, நான்கில் இடது கால் தரையைச் சும்மா தொட்டு நிற்கும். அடுத்த நான்கில் இதையே இடப்பக்கம். முடிவில் மீண்டும் வலது கால் விடுதலை. மூன்றாவது எட்டு வி-ஸ்டெப் இரண்டு முறை: வலது கால் விரிந்து முன்னால், இடது கால் விரிந்து முன்னால், வலது உள்ளே, இடது உள்ளே. அதிலும் வலது காலே மிஞ்சுகிறது.

நான்காவது எட்டில்தான் சிக்கல். நீங்கள் ஒரே முழங்காலை மூன்று முறை தூக்க வைத்திருக்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள். ஒன்றில் வலது காலை ஊன்றுகிறார்கள். இரண்டில் இடது முழங்கால் மேலே, மூன்றில் அந்தப் பாதம் தரையைத் தொடுகிறது, நான்கில் மேலே, ஐந்தில் தொடுகிறது, ஆறில் மேலே. ஏழில் இடது கால் ஊன்றல், எட்டில் வலது கால் ஊன்றல். உடல் எடை இப்போது வலது காலில் இருக்கிறது, விடுதலையாக இருப்பது இடது கால். ஆக அடுத்த கட்டு இடது காலில்தான் இயல்பாகத் தொடங்கும். நீங்களோ எல்லாக் கட்டையும் வலது காலில் தொடங்கச் சொல்கிறீர்கள். எடை ஊன்றியிருக்கும் காலை எப்படி எடுப்பது? பாதிப் பேர் ஒரு குட்டிக் குதி குதித்து எடையை மாற்றிக்கொள்கிறார்கள், மீதிப் பேர் உடம்பு சொன்னபடி இடது காலை எடுக்கிறார்கள். இனி காணொளி பார்க்கும்போது கைகளை விட்டுவிட்டு எட்டு முடிந்து ஒன்று விழும் இடத்தில் பாதங்களை மட்டும் பாருங்கள். அங்கே குட்டிக் குதி தெரிந்தால், கால் மாற்றம் திட்டமிடாமல் நுழைந்திருக்கிறது என்று பொருள்.

அந்த மூன்று முழங்காலை எடுத்துவிடச் சொல்லமாட்டேன். உண்மையில் அது உங்கள் கட்டின் நல்ல பகுதி. முதல் கட்டு வலது காலில், இரண்டாம் கட்டு முழுவதும் கண்ணாடிப் பிம்பமாக இடது காலில் என்று அறிவித்துவிடுங்கள். கிரேப்வைன் முதலில் இடப்பக்கம் போகும், தூக்குவது வலது முழங்காலாக இருக்கும். இரண்டாம் கட்டின் முடிவில் வலது கால் மீண்டும் விடுதலையாகிவிடும். இரண்டு காலுக்கும் சம வேலை என்பது இன்னொரு லாபம். இப்போது ஒரே முழங்காலைத்தான் ஆட்டம் முழுவதும் தூக்குகிறார்கள்.

இதைப் பாட்டில் பொருத்துவோம். தொடக்க இசை இரண்டு எட்டும் நின்ற இடத்தில் மார்ச். பல்லவிக்கு வலது கட்டு ஒன்று, இடது கட்டு ஒன்று. முடிவில் வலது கால் தயார். இடையிசையின் முதல் நான்கு எட்டுகளில் கால் மாற்றாத ஸ்டெப்களை மட்டும் வையுங்கள். முன்பின் நடை ஓர் எட்டு, வி-ஸ்டெப் ஓர் எட்டு, மீண்டும் அதே இரண்டு. மிச்சமுள்ள 20 பீட்டில் முன்வரிசையும் பின்வரிசையும் மார்ச் செய்தபடி இடம் மாறட்டும். 20 இரட்டை எண், ஆகவே கால் மாறாது, வலது காலே விடுதலையாக நிற்கும். வம்பாக இருந்த நான்கு பீட் வரிசை மாற்றத்துக்குள் கரைந்துவிட்டது. சரணமும் உங்கள் பாட்டில் எட்டு எட்டுதான். வலது கட்டு, இடது கட்டு, முடிந்தது. கணினியில் அந்த நான்கு பீட்டை வெட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். வெட்டலாம். ஆனால் ராகம் பாதியில் அறுந்தால் சபையில் எல்லோருக்கும் கேட்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடிகாரம் வைத்து 15 விநாடியில் எத்தனை பீட் என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். உங்கள் பாட்டில் 32 வந்தது, நிமிடத்துக்கு 128. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு அது பொருத்தமான வேகம். இன்னும் வேகமான பாட்டுக்கு மாறினால் கிரேப்வைனில் பின்னால் போகும் கால் முழுதாக ஊன்றாது. திஸ்ர நடைப் பாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒன்று-இரண்டு-மூன்று என்று உருளும் அந்த நடைக்குத் தனியாக ஸ்டெப் அமைக்க வேண்டும்.

பழக்கும் முறையிலும் ஒன்று மாற்றுங்கள். அடுத்த ஸ்டெப்பின் பெயரை ‘ஒன்று’ விழும்போது சொல்கிறீர்கள். அது தாமதம். ஓடும் எட்டின் ஐந்தில் பெயரைச் சொல்லுங்கள், ஏழில் திசையைக் காட்டுங்கள். பிள்ளைகளைப் பார்த்து நின்றால் வாயில் ‘வலது’ என்று சொல்லி உங்கள் இடது காலை எடுக்க வேண்டும். இதை வீட்டில் தனியாகப் பழகிக்கொண்டு வாருங்கள், மேடையில் பழக முடியாது. முதல் நாளே நான்கு எட்டையும் கோத்துத் தராதீர்கள். முதல் எட்டை நான்கு முறை, இரண்டாவதை நான்கு முறை, பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு முறை, கடைசியில் ஒரே ஒரு முறை என்று இறக்கிக்கொண்டு வந்தால் கட்டு தானாக உருவாகும். கால் நின்ற பிறகுதான் கை. கையசைவைக் காலோடு சேர்த்துச் சொல்லித்தந்தால் பிள்ளைகள் கையைத்தான் பார்ப்பார்கள்.

நீங்கள் கடற்கரையில் ஒத்திகை பார்ப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பொடி மணலில் கிரேப்வைன் வேண்டாம். பின்னால் போகும் கால் புதைந்து கணுக்கால் மடியும். அதற்குப் பதிலாகப் பக்கவாட்டு, சேர், பக்கவாட்டு, தொடு என்று போடுங்கள். நான்கு பீட்டும் அதேதான், கால் கணக்கும் அதேதான். அலையோரத்து ஈரமணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும், அங்கே ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் நிற்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் ஸ்பீக்கரைக் காற்று வரும் பக்கம் வையுங்கள். எதிர்ப்பக்கம் வைத்தால் பின்வரிசைக்குப் பாட்டே போய்ச் சேராது.

சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு குதிக்கும் ஸ்டெப்களைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே, எலும்பு முட்டியிருக்கும் இடத்தில் சிலருக்கு வலி வரும். அங்கே விரல் வைத்து அழுத்தினால் வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அவளுக்குக் குதிப்பை நிறுத்திவிட்டு மார்ச் மட்டும் கொடுங்கள், வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். எந்தக் காலிலும் ஒற்றைக்காலில் தொடர்ந்து எட்டு முறைக்கு மேல் குதிக்க வைக்காதீர்கள்.

கடைசியாக, விளையாட்டு வகுப்பு முழுவதும் இதையே பயிற்சியாக ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டலாம். ஐந்து நிமிடம் மெதுவான மார்ச், பிறகு நிறுத்தாமல் வலது கட்டும் இடது கட்டுமாகப் பதினைந்து நிமிடம். நடுவில் ஆட்டத்தை நிறுத்தித் திருத்தம் சொல்லாதீர்கள், மார்ச்சில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். ஒரு பிள்ளை ஆடிக்கொண்டே உங்களுக்கு ஒரு வாக்கியம் பதில் சொல்ல முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த அளவு மூச்சு போதும். நம் கரையில் ஈரக்காற்றில் வியர்வை உலராது, உடம்பும் குளிராது. எனவே காலை எட்டு மணிக்கு முன்போ மாலை வெயில் இறங்கிய பிறகோ வைத்து, இடையில் மார்ச் செய்தபடியே ஆளுக்கு இரண்டு மிடறு தண்ணீர் குடிக்க விடுங்கள்.