ஏழு கிலோ குறைந்தவர் ஏன் கதிரையைப் பிடித்து எழும்பினார்?

எல்லோருக்கும் வணக்கம். நாற்பது தாண்டிய ஆண்களுக்கு வண்டி குறைப்பது பற்றிப் பேசச் சொல்லி வாசிகசாலைத் தலைவர் கேட்டார். நான் இயன் மருத்துவர். முழங்கால் நோ, நாரி நோ என்று வருபவர்களைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். அப்படி வந்த ஒருவரின் கதையையே சொல்கிறேன்.

வங்கி உத்தியோகத்தர், வயது 46. நிறை 84 கிலோ, இடுப்பு 102 சென்ரிமீற்றர். ஒருநாள் ரோசம் வந்து இரவுச் சாப்பாட்டை விட்டார். விடியக்காலை பண்ணைப் பக்கம் தினமும் ஓடினார். பத்துக் கிழமையில் 7 கிலோ இறங்கிவிட்டது. கந்தோரில் எல்லோரும் மெச்சினார்கள். என்னிடம் வந்தது குதிக்கால் நோவுக்கு.

"ஒருக்கா எழும்புங்கோ அண்ணை" என்றேன். கதிரையின் கைபிடியை ஊன்றித்தான் எழும்பினார். இடுப்பை அளந்தால் 99. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் குறைவதுதான் வழக்கம். இவருக்கு ஏழுக்கு மூன்று. காற்சட்டை தொடையில் தொளதொளத்தது, வயிற்றில் இன்னும் பிடித்தது. போன நிறையில் நல்லதொரு பங்கு தசை.

முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை தானாகவே கரைகிறது. அந்த நேரத்தில் பட்டினியும் கிடந்து, புரதமும் குறைந்து, பாரமும் தூக்காவிட்டால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் எடுத்துச் செலவழிக்கும். ஓட்டம் இதயத்துக்கு நல்லது. ஆனால் தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது.

நித்திரை எவ்வளவு என்று கேட்டேன். ஐந்து மணித்தியாலமாம். மாதக் கடைசியில் அதுவும் இல்லை. 2010இல் சிக்காகோவில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். ஒரே ஆட்கள், ஒரே அளவு குறைந்த சாப்பாடு. இரண்டு கிழமை எட்டரை மணித்தியாலம் படுக்கையில், இன்னொரு இரண்டு கிழமை ஐந்தரை மணித்தியாலம். இரண்டு தடவையும் நிறை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் நித்திரை குறைந்தபோது கொழுப்பு 0.6 கிலோதான் போனது, நன்றாகப் படுத்தபோது 1.4 கிலோ. பத்துப் பேரை மட்டும் வைத்துச் செய்தது, ஆனாலும் என்னிடம் வருபவர்களில் நான் காண்பதும் இதுதான்.

சரி, அவருக்கு என்ன செய்தோம்? ஓட்டத்தை நிறுத்தி நடையாக்கினோம். கிழமைக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், பாரப் பயிற்சி. ஜிம் இல்லை. ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதிரையில் இருந்து எழும்புவது, மேசை விளிம்பில் கையூன்றித் தண்டால், தண்ணிக் கானை முழங்கையை மடக்கி இடுப்புப் பக்கம் இழுப்பது. ஒவ்வொன்றும் மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்துத் தடவை. இன்னும் இரண்டு தடவை செய்யலாம் என்ற நிலையில் நிற்பாட்ட வேண்டும். பன்னிரண்டு இலகுவாக வந்தால் பாரத்தைக் கூட்டலாம்.

பாரம் தூக்கிய பிறகு உடம்பு தேற இரண்டு மூன்று நாள் வேண்டும். வியாழக்கிழமை செய்யும்போது திங்களில் செய்த எண்ணிக்கையும் வரவில்லை என்றால் உடம்பு இன்னும் தேறவில்லை. அன்றைக்கு ஒரு சுற்றோடு விடுங்கள். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கு முடிக்கும் கிழமையிலும் அவர் அப்படித்தான் செய்தார்: பாரத்தைக் குறைக்கவில்லை, சுற்றை மட்டும் ஒன்றாக்கினார். ஒரு கிழமை அப்படிப் போவதால் தசை போய்விடாது.

சாப்பாட்டில், நிறையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் புரதம். 77 கிலோவுக்கு 92 கிராம் வரும். காலையில் இரண்டு முட்டையும் அவித்த பயறும், மத்தியானம் நல்ல இரண்டு துண்டு மீன், பின்னேரம் ஒரு கோப்பை அவித்த கடலை, இரவு திரும்பவும் மீன் அல்லது கோழி. கணக்கு ஏறக்குறைய முடிந்தது. சூடை மீன் போதும், விளைமீன்தான் வேண்டுமென்றில்லை. அவர் விட்டிருந்த இரவுச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்கினோம், புட்டை மட்டும் பாதியாக்கினோம். தேத்தண்ணிக்குச் சீனியையும், பின்னேர றோல்ஸையும் விட்டார். றோல்ஸுக்குத்தான் மனிதர் கனக்கக் கவலைப்பட்டார். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்ட முன்னரும், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்க முன்னரும் வைத்தியரைக் கேளுங்கள்.

நாலு மாதத்தில் நிறை 74. மூன்று கிலோதான், அதனால் இந்த முறை கந்தோரில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் இடுப்பு 93. அரை நிமிடத்தில் கைபிடிக்காமல் கதிரையில் இருந்து எழும்புவது 9 தடவையிலிருந்து 16 ஆனது. நம் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90க்குள் இருக்க வேண்டும். அவர் இன்னும் அங்கே போகவில்லை.

அளவு நாடா இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு பிடிக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, முன்வரிசை அண்ணைமார் இப்பவே எக்குவது தெரிகிறது. கதிரை இதோ மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரிசையாக வாருங்கள்.