ஃபிரெஷ் ஏர் மெஷினைச் சிறிதாக்கலாம், காற்றின் தரம் குறையாமல்

[திரையில்: அலுவலகத் தளத்தின் வரைபடம்]

சென்னையில் ஓர் அலுவலகத் தளம் என்று வைத்துக்கொள்வோம். வேலை பார்ப்பவர்கள் 100 பேர். மீட்டிங் ரூம்களில் 60 இருக்கைகள். ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்ற கணக்கில், 160 பேருக்கு 1,600 லிட்டர் மெஷின் போட்டிருக்கிறார்கள். பட்ஜெட் இடிக்கிறது. செலவைக் குறைக்கும் மெமோவில் என்ன எழுதலாம்?

அந்த 10 லிட்டரில் மட்டும் கை வைக்காதீர்கள். உட்கார்ந்து வேலை செய்பவர் விநாடிக்குச் சுமார் 0.005 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். 10 லிட்டர் காற்றில் அது 500 பி.பி.எம். ஏற்றம். வெளியே உள்ள 420-ஐக் கூட்டினால் 920. நம் இலக்கான 1,000-க்குள் நிற்கும். 7 லிட்டராகக் குறைத்தால் 1,100-ஐத் தாண்டிவிடும்.

[திரையில்: 160 என்ற எண் வட்டமிடப்படுகிறது]

குறைக்க வேண்டியது இந்த 160-ஐத்தான். மீட்டிங்கில் இருப்பவர் அதே நேரத்தில் தன் மேஜையில் இருக்க முடியாதே! ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்கள். 100 பேருக்கு 1,000 லிட்டர், காலி அறைகளுக்கு 100 லிட்டர், ஆக 1,100 போதும். அந்த 100 எதற்கென்றால், யாரும் இல்லாவிட்டாலும் கார்ப்பெட்டும் பெயின்ட்டும் வாயுக்களை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அது கார்பன் டை ஆக்சைடு சென்சாருக்குத் தெரியாது.

மிச்சமாகும் 500 லிட்டர் சாதாரண விஷயமில்லை. சென்னையின் புழுக்கமான நாளில் அவ்வளவு காற்றைக் குளிர்வித்து ஈரம் நீக்க ஏறக்குறைய 7 டன் ஏசி வேண்டும்.

சரி, ஆட்கள் இடம் மாறினால் காற்றும் பின்னாலேயே போக வேண்டும். அதற்கு மீட்டிங் ரூம்களுக்கும் மேஜைப் பகுதிக்கும் சென்சாரும், டக்ட்டில் காற்றின் வழியைத் திறந்து மூடும் மோட்டார் டேம்பரும் வையுங்கள். மெஷின் சிறிதானாலும் மீட்டிங் ரூம் டக்ட்டின் அளவு குறையக் கூடாது. 60 பேர் அங்கே கூடும்போது 600 லிட்டர் அந்த வழியாகத்தான் போகும்.

“மெஷினே வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேன் போதும்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈரம் நீக்காத வெளிக்காற்று 25 டிகிரிக்கும் குளிர்ந்த பரப்பில் பட்டால் அங்கே நீர் கோக்கும்; அப்புறம் சீலிங்கில் பூஞ்சைதான். வெளியாட்கள் வரும் பயிற்சி அறை இருந்தால் அவர்களை அந்த 100 பேரோடு தனியாகக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

[திரையில்: சுவரில் சென்சார், அதன் மேலே காற்று வரும் கிரில்]

இந்தத் திட்டம் சொதப்புவது பெரும்பாலும் சென்சாரில்தான். கிரில்லுக்கு நேர் கீழே மாட்டினால், அறை நிறைந்திருந்தாலும் எண் ஏறாது. டேம்பரும் திறக்காது. இன்னொரு சோதனை: யாருமில்லாத அதிகாலையில் சென்சார் வெளிக்காற்றின் 420-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 600 காட்டினால் காலிப்ரேஷன் தவறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அந்தப் பராமரிப்புச் செலவையும், டேம்பர், சென்சார் விலையையும் சேமிப்பிலிருந்து கழித்த பிறகு வரும் தொகையை மட்டும் மெமோவில் காட்டுங்கள்.